கோபுரத்தைவிட உயரமாக நின்ற மாணவி

தைப்பூசத்தைப் பற்றி இரண்டு நிமிடம் பேசி, அதைக் காணொளியாகப் பதிவுசெய்ய வேண்டும். உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மாணவி ஒருத்திக்குத் தமிழ் வகுப்பில் கிடைத்த பணி இது. காவடிகள் புறப்படும் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலின் முன் நின்று பேச அவளுக்கு ஆசை. ஆனால் அந்தச் சாலையில் பேருந்துச் சத்தத்தில் பேச்சு கேட்காது. அதனால் வீட்டு வரவேற்பறையில் பச்சைத் துணியைக் கட்டி, அதன்முன் நின்று பேசினாள். பிறகு கணினியில் பச்சையை நீக்கி, இணையத்தில் கிடைத்த கோபுரப் படம் ஒன்றைப் பின்னால் வைத்தாள். பச்சை முழுவதும் நன்றாகவே நீங்கியிருந்தது.

காணொளியை முதலில் பார்த்தவர் அவளுடைய பாட்டி. "என்னடி இது, கோபுரத்தவிட நீ ஒசரமா நிக்கிற? சாமிக்கு முன்னால இப்படியா நிப்பாங்க?" என்று கேட்டாராம். மறுநாள் அவள் அறிவியல் ஆசிரியரான என்னிடம் வந்தாள். "சார், கோபுரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், என்னைச் சிறிதாக்கியும் பார்த்தேன். எப்படி வைத்தாலும் பொய்யாகவே தெரிகிறது" என்றாள்.

இதே சிக்கல் உங்களுக்கும் வந்திருக்கலாம். ஒட்டுவேலை வெளியே தெரிந்தால் பச்சை சரியாக நீங்கவில்லை என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் காரணம் வேறு. இரண்டு படங்களை வெவ்வேறு இடத்தில் இருந்த இரண்டு கேமராக்கள் பார்த்திருக்கின்றன. அந்த இரண்டு பார்வைகளும் ஒத்துப்போகவில்லை என்பதை நம் கண் உடனே கண்டுபிடித்துவிடுகிறது.

கேமரா எந்த உயரத்தில் இருந்தது?

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கடலைப் பார்த்து நின்றிருப்பீர்கள். வானமும் கடலும் சேரும் கோடு உங்கள் கண்ணுக்கு நேராக இருக்கும். மணலில் உட்கார்ந்து பாருங்கள். அந்தக் கோடும் உங்களோடு சேர்ந்து இறங்கி, மறுபடியும் கண்ணுக்கு நேராகவே நிற்கும். இதுதான் அடிவானக் கோடு. சமதளத்தில் எடுக்கும் எந்தப் படத்திலும், கேமராவின் அதே உயரத்தில் உள்ள பொருள்கள் எல்லாம், அவை அருகில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும், இந்தக் கோட்டின்மேல்தான் விழும்.

ஒருவர் 1.5 மீட்டர் உயரத்தில் திறன்பேசியைப் பிடித்து ஒரு கூட்டத்தைப் படம் எடுக்கிறார் என்று வையுங்கள். அருகில் நிற்பவர் பெரிதாகவும் தூரத்தில் நிற்பவர் சிறிதாகவும் தெரிவார்கள். ஆனால் பெரியவர்களின் கண்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்கும். கட்டடங்கள் மறைத்திருப்பதால் அடிவானமே தெரியாத படத்தில்கூட இந்தத் தலைகளின் வரிசையை வைத்துக் கோட்டைக் கண்டுபிடித்துவிடலாம்.

இப்போது என் மாணவியின் படத்துக்கு வருவோம். அவள் தன் திறன்பேசியை 80 சென்டிமீட்டர் உயர மேசைமேல் வைத்திருந்தாள். அவளுடைய உயரம் 1.6 மீட்டர். ஆகவே அவளுடைய படத்தில் அடிவானக் கோடு இடுப்பளவில் ஓடுகிறது. கேமரா கீழே இருந்ததால் அவளுடைய முகவாயின் அடிப்பகுதியும் தெரிந்தது. கோபுரப் படமோ எதிரே ஏதோ ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடி உயரத்திலிருந்து எடுக்கப்பட்டது. அந்தக் கோபுரம் ஏறக்குறைய 20 மீட்டர் உயரம். படத்தில் அடிவானக் கோடு கோபுரத்தின் உச்சியை ஒட்டி ஓடியது. கோபுர வாசலில் நின்றவர்களின் தலையுச்சிகள் தெரிந்தன.

அண்ணாந்து பார்த்த ஓர் உருவத்தை, மேலிருந்து குனிந்து பார்த்த கோயிலின்மேல் ஒட்டினால் என்ன ஆகும்? அவளுடைய இடுப்பே கோபுர உச்சியின் உயரத்தில் இருப்பதாகக் கண் கணக்குப் போடும். அவளைச் சிறிதாக்கினாலும் இது மாறாது. அப்போது அவள் கோபுர உயர ராட்சசியாகத் தெரியாமல், காற்றில் மிதக்கும் பொம்மையாகத் தெரிவாள். பாட்டிக்கு அடிவானக் கோடு பற்றித் தெரியாது. ஆனாலும் அவர் சொன்னது வடிவியல்படி சரியானது.

பின்னணியை நாமே எடுப்போம்

இணையப் படத்தை விட்டுவிட்டு, ஒரு சனிக்கிழமை காலை அவள் தன் அப்பாவுடன் சிராங்கூன் சாலைக்குப் போனாள். கோயிலுக்குள்ளும் கருவறைப் பக்கமும் படம் எடுப்பதாக இருந்தால் முதலில் கோயில் அலுவலகத்தில் அனுமதி கேட்க வேண்டும். அவளுக்குத் தேவைப்பட்டது கோபுரம் மட்டும்தான். எனவே எதிர்ப்புற நடைபாதையில், கோபுரத்திலிருந்து ஏறக்குறைய 30 மீட்டர் தள்ளி, சற்றே பக்கவாட்டில் நின்று எடுத்தாள்.

அவள் கடைப்பிடித்த விதி ஒன்றுதான்: சாலையில் கேமரா எப்படி இருந்ததோ, வீட்டிலும் அப்படியே இருக்க வேண்டும். அதே திறன்பேசி, அதே லென்ஸ், 1.5 மீட்டர் என்ற அதே உயரம். திறன்பேசியை இரண்டு இடத்திலும் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும், மேல்நோக்கிச் சாய்க்கக் கூடாது. கோபுரம் முழுவதும் தெரிய வேண்டும் என்று திறன்பேசியை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்பக்கம் சாய்வதுபோல் தெரியும். வீட்டில் நேராகப் பிடித்து எடுத்த உருவம் அதன்முன் பொருந்தாது. சாய்க்காமலே உச்சிவரை படத்துக்குள் வர வேண்டுமென்றால் இன்னும் பின்னால் போவதுதான் வழி. அதனால்தான் 30 மீட்டர்.

அவள் எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதையும் ஊகிக்க வேண்டியதில்லை. ஒரு பொருளின் தோற்ற அளவு, அதன் உயரத்தைத் தூரத்தால் வகுத்தால் கிடைக்கும் விகிதத்தைப் பொறுத்தது. 20 மீட்டர் கோபுரம் 30 மீட்டர் தொலைவில் இருந்தால் விகிதம் மூன்றில் இரண்டு. கேமராவிலிருந்து 2 மீட்டர் தள்ளி நிற்கும் மாணவியின் பக்கத்தில், அந்தக் கோபுரம் 1.33 மீட்டர் உயரப் பொருளைப் போலத் தெரியும். அவளுடைய இடுப்பிலிருந்து தலைவரை ஏறக்குறைய 70 சென்டிமீட்டர். ஆகவே கோபுரம் அதைப்போல் இரண்டு மடங்கு உயரமாகத் தெரிய வேண்டும். வீட்டிலும் அவள் கேமராவிலிருந்து சரியாக 2 மீட்டர் தள்ளி நின்றால், கணினியில் எதையும் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ தேவையில்லை. இரண்டு படங்களையும் அப்படியே ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் போதும்.

அவள் செய்த இன்னும் இரண்டு சிறு மாற்றங்கள் நன்றாக உதவின. பின்னணியை நிழற்படமாக எடுக்காமல், மூன்று நிமிடக் காணொளியாக எடுத்தாள். பேசுபவர் அசையும்போது பின்னால் நடந்துபோகிறவர்கள் உறைந்து நின்றால், ஒட்டுவேலை உடனே தெரிந்துவிடும். இரண்டாவது, தன் கால்களைக் காட்டாமல் இடுப்புக்குமேல் மட்டும் எடுத்தாள். கால் தரையைத் தொடும் இடத்தில் நிழல் விழ வேண்டும். அந்த நிழலைப் போலியாக உருவாக்குவது மிகக் கடினம். காலே படத்தில் இல்லையென்றால் அந்தக் கவலையும் இல்லை.

சூரியன் எந்தப் பக்கம்?

அடுத்த கேள்வி வெளிச்சம். கோபுரத்துச் சிற்பங்களின் நிழல் இடப்பக்கம் விழும்போது, பேசுபவரின் மூக்கு நிழல் வலப்பக்கம் விழுந்தால் கண் அதை ஏற்றுக்கொள்ளாது. ஏன் என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே கணக்கு எளிது. காலையில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக மேலே ஏறுகிறது. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 15 பாகை. சூரியன் 7 மணியளவில் உதிக்கிறது. எட்டரை மணிக்கு அவள் படம் எடுத்தபோது அது அடிவானத்துக்கு மேல் ஏறக்குறைய 20 பாகையில் இருந்தது. அவளுடைய வலது தோளுக்குப் பின்னாலிருந்து கோபுரத்தின் முகப்பில் வெயில் விழுந்தது. இந்த இரண்டு விவரங்களையும் அங்கேயே எழுதி வைத்துக்கொண்டாள்.

வீட்டில் விளக்கைக் கேமராவின் வலப்பக்கம், சற்றுப் பின்னால் வைத்தாள். உயரத்தையும் கணக்கிடலாம். விளக்குக்கும் முகத்துக்கும் இடையே 2 மீட்டர் கிடைத்தூரம் இருந்தால், 20 பாகைக்கு விளக்கு முகத்தைவிட ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் மேலே இருக்க வேண்டும். உங்கள் முக்கோணவியல் பாடத்தில் வரும் tan 20° = 0.36 என்பதை 2 மீட்டரால் பெருக்கிப் பாருங்கள்.

வெளிச்சத்தின் நிறமும் பொருந்த வேண்டும். மஞ்சள் குமிழ் விளக்கின் கீழ் எடுத்த முகத்தைப் பகல்வெளிச்சக் கோபுரத்தின்முன் வைத்தால், அவர் வேறு உலகத்தில் நிற்பதுபோல் இருக்கும். பகல் வெள்ளை ஒளி தரும் எல்இடி விளக்கைப் பயன்படுத்துங்கள். இவ்வளவு சிரமம் வேண்டாம் என்றால், மேகமூட்டமான நாளில் பின்னணியை எடுங்கள். மேகம் முழு வானத்தையும் ஒரே பெரிய விளக்காக மாற்றிவிடும். கூர்மையான நிழலே இருக்காது. வீட்டில் பெரிய சன்னலுக்கு எதிரே நின்றால், அந்த மென்மையான வெளிச்சம் ஓரளவு கிடைத்துவிடும். பகல் 1 மணி வெயில் மட்டும் வேண்டாம். இங்கே சூரியன் வானில் மிக உயரத்தில் நிற்கும் நேரம் அது. கோபுரத்துச் சிற்பங்களின் முகங்கள் எல்லாம் நிழலில் இருண்டுவிடும்.

கணினி பச்சையை எப்படி நீக்குகிறது?

இப்போதுதான் பச்சைத் துணிக்கு வருகிறோம். படத்தின் ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கும். "பச்சை எண் 100-க்கு மேல் இருந்தால் நீக்கு" என்று கணினியிடம் சொன்னால் போதாதா? போதாது. வெள்ளை மல்லிகைப்பூவிலும் பச்சை எண் 235 இருக்கும். ஏனென்றால் வெள்ளை என்பது மூன்றும் சேர்ந்த நிறம்.

அதனால் பச்சை எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதைவிட, மற்ற இரண்டைவிட எவ்வளவு அதிகமாக இருக்கிறது என்று கேட்க வேண்டும். எளிய வடிவில் அந்தச் சூத்திரம் இதுதான்:

```
G − max(R, B)
```

பச்சைத் துணியின் எண்கள் 40, 180, 60 என்று வையுங்கள். சிவப்பிலும் நீலத்திலும் பெரியது 60. விடை 120. முகத்தின் எண்கள் 180, 120, 90. விடை −60. பச்சை மிஞ்சவில்லை, ஆகவே முகம் அப்படியே இருக்கும். மல்லிகைக்கு 235, 235, 225. விடை 0. அதுவும் தப்பிவிடும். முடியின் ஓரத்தில் பாதி முடியும் பாதி துணியும் கலந்த பிக்சல் ஒன்றின் எண்கள் 40, 108, 45. விடை 63. இது 120-இல் ஏறக்குறைய பாதி. அந்தப் பிக்சலைப் பாதி ஒளி ஊடுருவக்கூடியதாக ஆக்கி, பின்னால் இருக்கும் கோபுரம் பாதி தெரியும்படி செய்ய வேண்டும். மிஞ்சிய பச்சையையும் குறைத்துவிட வேண்டும். அப்போதுதான் முடி கத்தரியால் வெட்டியதுபோல் இல்லாமல் இயல்பாக இருக்கும்.

வித்தியாசத்தைப் பார்க்கும் இந்த வழி திரைப்படத்துறையில் ஓர் இடர்ப்பாட்டிலிருந்து பிறந்தது. அந்த இடர்ப்பாடும் ஒரு புனிதக் காட்சியோடு தொடர்புடையதுதான். 1956-இல் வெளிவந்த 'தி டென் கமாண்ட்மெண்ட்ஸ்' படத்தில் மோசேயின் முன் செங்கடல் பிளக்கும் காட்சி வருகிறது. அந்தக் காலத்தில் பச்சைக்குப் பதில் நீலத் திரையைப் பயன்படுத்தினார்கள். அந்தப் படத்தைக் கூர்ந்து பார்த்தால், ஒட்டப்பட்ட உருவங்களின் ஓரங்களில் மெல்லிய நீலக் கோடு தெரியும். 1959-இல் வந்த 'பென் ஹர்' படத்துக்காகப் பெட்ரோ விளாகோஸ் என்ற பொறியாளர் நிற வித்தியாச முறையை உருவாக்கினார். முடி, புகை போன்ற பாதி ஊடுருவும் ஓரங்களையும் அந்த முறையால் கையாள முடிந்தது. பிறகு மின்னிலக்கக் கேமராக்கள் வந்தபோது பச்சைத் திரை பரவலானது. அவற்றின் உணரியில் பாதிப் புள்ளிகள் பச்சை ஒளிக்கானவை என்பதால், பச்சையில்தான் விவரம் அதிகம் பதிவாகிறது.

இந்தச் சூத்திரத்தின் எல்லையையும் நாம் அறிந்திருக்க வேண்டும், கோயில் காட்சிகளில் குறிப்பாக. என் மாணவி தன் முதல் காணொளியில் கையில் மாவிலையை வைத்திருந்தாள். மாவிலையின் எண்கள் 60, 110, 40 என்றால் விடை 50. அதாவது இலையில் ஐந்தில் இரண்டு பங்கு மறைந்து, கண்ணாடியைப் போலாகிவிடும். வாழையிலை, வெற்றிலை, துளசி மாலை, பச்சைப் பட்டு ஆகிய எல்லாவற்றுக்கும் இதே கதிதான். இவை காட்சியில் வேண்டுமென்றால் நீலத் துணியைக் கட்டுங்கள். அப்போது சூத்திரத்தில் G, B இரண்டும் இடம் மாறும்.

இன்னொரு தொல்லை, துணியில் பட்டு எதிரொளிக்கும் பச்சை வெளிச்சம். துணியை ஒட்டி நின்றால் அது கன்னத்திலும் வெள்ளைச் சட்டையிலும் படரும். துணிக்கும் உங்களுக்கும் இடையே 1.5 முதல் 2 மீட்டர் இடைவெளி விட்டால் பெருமளவு குறைந்துவிடும். உங்கள் நிழலும் துணியில் விழாது. வீவக வீட்டில் இவ்வளவு இடம் கிடைக்க, சாப்பாட்டு மேசையை நகர்த்த வேண்டியிருக்கலாம். துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். ஒவ்வொரு சுருக்கத்துக்குள்ளும் ஒரு நிழல் இருக்கிறது. அங்கே பச்சை எண் 180-இலிருந்து 90-க்கு இறங்கினால், விடையும் பாதியாகிவிடும்.

துணியில் வரைந்த கோபுரம்

கணினியே இல்லாமலும் இதைச் செய்யலாம். நாடக மேடைகளிலும் பழைய புகைப்பட நிலையங்களிலும் தீட்டிய திரைகள்தான் கோயிலையும் அரண்மனையையும் காட்டின. பள்ளி மேடைக்கு நீங்கள் அப்படி ஒன்றை வரைவதானால், மேலே சொன்ன அதே விதிகள் பொருந்தும். முதலில், பார்ப்பவர்களின் கண் மட்டத்தில் திரையில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கோபுரத்தின் அடியையும் சுவர்களின் சாய்வையும் அந்தக் கோட்டை வைத்து வரையுங்கள். மேடை விளக்கு எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலும் தீட்டுங்கள். தூரத்துப் பொருள்களின் நிறத்தை வெளிறச் செய்யுங்கள், ஏனென்றால் இடையில் இருக்கும் காற்று ஒளியைச் சிதறடிக்கிறது. பளபளப்பில்லாத சாயத்தையே பயன்படுத்துங்கள். திரையில் ஒரே ஒரு மினுமினுப்பு தெரிந்தாலும், இது துணி என்று எல்லாருக்கும் புரிந்துவிடும். பேசுபவரின் நிழல் கோபுரத்தின்மேல் விழாதபடி அவரை 2 மீட்டர் முன்னால் நிறுத்துங்கள். திரை தரையைத் தொடும் விளிம்பைக் குத்துவிளக்குகளும் பூத்தட்டுகளும் மறைத்துவிடும்.

பாட்டி கேட்ட இரண்டாவது கேள்வி

என் மாணவி இரண்டாவது காணொளியை முடித்தாள். கோபுரம் நேராக நின்றது. பின்னால் நடந்தவர்களின் தலைகளும் அவளுடைய தலையும் ஒரே கோட்டில் இருந்தன. வலப்பக்க வெயில் இருவருக்கும் பொதுவாக இருந்தது. பாட்டி இம்முறை குறை எதுவும் சொல்லவில்லை. "காலையிலயே கோயிலுக்குப் போனியா? என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கலாமே" என்று மட்டும் கேட்டாராம். அவருக்கு முழங்கால் வலி. கோயிலுக்குப் போய் நெடுநாள் ஆகிறது.

அவள் சங்கடத்தோடு என்னிடம் வந்தாள். "சார், இப்போது நன்றாக வந்துவிட்டது. ஆனால் பாட்டியை ஏமாற்றியதுபோல இருக்கிறது" என்றாள். நான் அவளைக் காணொளியின் தொடக்கத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். 'பேச்சு வீட்டில் பதிவானது. பின்னணி, சிராங்கூன் சாலையில் நான் எடுத்த காணொளி' என்று எழுதினாள். அந்த வரியைச் சேர்த்ததால் காட்சி கெடவில்லை. கோபுரத்தின்முன் அவள் இயல்பாகவே நின்றாள்.

நீங்கள் இதைச் செய்து பார்க்கும்போது, ஒட்டிய படத்தைச் சரிபார்க்க ஒரு சோதனை உண்டு. காணொளியை நிறுத்தி, பின்னால் தரையில் நிற்கும் பெரியவர் ஒருவரின் கண்ணைத் தேடுங்கள். அங்கிருந்து ஓர் அளவுகோலைப் படுக்கையாகத் திரையின்மேல் வையுங்கள். அது உங்கள் கண்ணுக்கு அருகே வந்தால், உங்கள் கேமரா சரியான உயரத்தில் இருந்திருக்கிறது. உங்கள் வயிற்றிலோ தலைக்கு மேலோ வந்தால், பச்சைத் துணியோடு போராட வேண்டாம். கேமராவின் உயரத்தை மாற்றி மறுபடியும் எடுங்கள்.